முழுப் பயிற்சியா, எட்டுக் கணக்கா, ஒன்றுமே வேண்டாமா? வீட்டுவேலை பற்றி ஒரு பாடசாலை எடுக்க வேண்டிய முடிவு

தவணை தொடங்கி, பகுதிக் கூட்டத்தில் வீட்டுவேலை பற்றிய பேச்சு வந்தால், யாழ்ப்பாணத்துப் பாடசாலைகளில் மூன்று நிலைப்பாடுகள் மேசைக்கு வரும். முதலாவது, இப்போது நடப்பதே தொடரட்டும் என்பது: அன்று படிப்பித்த பாடத்தின் பயிற்சி முழுவதும் வீட்டில் செய்துகொண்டு வரவேண்டும். இரண்டாவது, பிள்ளைகள் ரியூசனாலேயே களைத்துப் போயிருக்கிறார்கள், பாடசாலை வேறு சுமை கொடுக்கவேண்டாம் என்பது. மூன்றாவதைச் சொல்பவர்கள் குறைவு: கொஞ்சமாகக் கொடுப்போம், ஆனால் எதைக் கொடுப்பது என்று யோசித்துக் கொடுப்போம்.

நான் மூன்றாவதன் பக்கம். ஆனால் தரம் 4க்கும் தரம் 8க்கும் ஒரே விடை இல்லை. கணித பாடத்தை எடுத்துக்கொண்டு பார்ப்போம். வீட்டுவேலை அதிகம் குவிவதும், அது உதவுகிறதா கெடுக்கிறதா என்று கொப்பியைப் பார்த்தே கண்டுபிடிக்கக்கூடியதும் அந்தப் பாடத்தில்தான்.

ஆரம்பப் பிரிவு: பயன் எவ்வளவு?

அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹரிஸ் கூப்பரும் அவரது குழுவினரும் 1987 முதல் 2003 வரை அங்கு வெளிவந்த வீட்டுவேலை ஆய்வுகளை ஒன்றுசேர்த்து 2006இல் ஒரு தொகுப்பாய்வை வெளியிட்டார்கள். இடைநிலை வகுப்புகளில் வீட்டுவேலைக்குச் செலவிடும் நேரத்துக்கும் பெறுபேற்றுக்கும் இடையில் ஓரளவு தொடர்பு தெரிந்தது. ஆரம்ப வகுப்புகளில் அந்தத் தொடர்பு ஏறக்குறைய இல்லை. இதை வைத்துச் சிறு பிள்ளைகளுக்கு வீட்டுவேலையால் பயனே இல்லை என்று முடிவுகட்ட முடியாது. மெல்லப் படிக்கும் பிள்ளை அதே வேலைக்கு அதிக நேரம் எடுக்கும். அதனால் நேரத்தை மட்டும் அளந்தால் கணக்குக் குழம்பும். என்றாலும் ஒன்பது வயதுப் பிள்ளையை இரவு ஒன்பது மணிவரை கொப்பியோடு இருத்தி வைப்பதற்கு அந்த ஆய்வில் எந்த ஆதாரமும் இல்லை.

காரணத்தை எங்கள் பிள்ளைகளின் கொப்பியிலேயே பார்க்கலாம். தரம் 4இல் கழித்தல் படிக்கும் ஒரு பிள்ளைக்கு இருபது கணக்குகள் வீட்டுவேலை. 403 − 158 என்ற கணக்குக்கு அது எழுதிய விடை 355. 62 − 38க்கு 36. 75 − 21க்கு 54. மூன்றாவது மட்டும் சரி. கவனயீனம் என்று சிவப்பு மையால் எழுதிவிட்டுப் போகத் தோன்றும். ஆனால் அந்தப் பிள்ளை மிகக் கவனமாகத்தான் செய்திருக்கிறது. மேலே இருக்கும் இலக்கமா கீழே இருப்பதா என்று பார்க்காமல், ஒவ்வொரு நிரலிலும் பெரியதிலிருந்து சிறியதைக் கழித்திருக்கிறது: 8இலிருந்து 3 போக 5, 5இலிருந்து 0 போக 5, 4இலிருந்து 1 போக 3. கடன் வாங்கத் தேவையில்லாத கணக்குகளில் இந்த வழியும் சரியான விடையையே தரும். அதனால் இருபதில் ஒன்பது சரி வந்திருக்கும். பிள்ளைக்கும் தாய்க்கும் பாதியாவது விளங்கியிருக்கிறது என்ற எண்ணமும் வந்திருக்கும். உண்மையில் நடந்தது வேறு. ஒரு பிழையான முறையை அந்தப் பிள்ளை ஒரே இரவில் இருபது தடவை பயின்றிருக்கிறது.

ஐந்து கணக்குக் கொடுத்திருந்தாலும் இந்தப் பிழை வெளியே வந்திருக்கும். கடன் வாங்கத் தேவையில்லாத ஒன்று, ஒருமுறை கடன் வாங்குவன இரண்டு, நடுவில் பூச்சியம் வருவது ஒன்று, விடையைக் கூட்டிச் சரிபார்க்கச் சொல்லும் ஒன்று. 355ஐயும் 158ஐயும் கூட்டிப் பார்த்தால் 513 வரும், 403 வராது. இந்தச் சரிபார்ப்பு வீட்டில் ஆசிரியர் இல்லாத குறையை ஓரளவு தீர்க்கிறது, மற்றப் பதினைந்து கணக்குகளும் அதைச் செய்வதில்லை.

வாய்ப்பாட்டிலும் இதே கதைதான். ஏழாம் வாய்ப்பாட்டைப் பத்துத் தரம் எழுதிக்கொண்டு வா என்றால் பிள்ளை என்ன செய்கிறது என்று பக்கத்தில் இருந்து பாருங்கள். முதலில் மேலிருந்து கீழாக 7, 7, 7 என்று ஒரு நிரல். பிறகு பெருக்கல் குறிகள் ஒரு நிரல். பிறகு 1, 2, 3. கடைசியில் விடைகள், அதுவும் முதல் தடவை எழுதியதைப் பார்த்து. ஒரு பெருக்கலாவது மனதில் நடப்பதில்லை, கைதான் உழைக்கிறது. இதற்குப் பதிலாக அம்மம்மாவோ அண்ணனோ வாய்ப்பாட்டு அட்டையை மறைத்து வைத்துக்கொண்டு, ஒழுங்கு மாற்றிப் பத்துக் கேள்வி கேட்டால் ஐந்து நிமிடம் போதும். பிள்ளை நினைவிலிருந்து எடுத்துச் சொல்லும்போதுதான் அது படியும்.

ஆக, ஆரம்பப் பிரிவுக்கு என் தெரிவு இப்படி: தரம் 1, 2க்கு எழுத்து வேலை வேண்டாம், பிள்ளை உரத்து வாசிக்க யாராவது பக்கத்தில் இருந்து கேட்டால் போதும். தரம் 3, 4க்குப் பதினைந்து நிமிட வாசிப்பு, ஐந்து நிமிட வாய்ப்பாடு, ஐந்து கணக்கு. எல்லாம் சேர்ந்து நாற்பது நிமிடத்தைத் தாண்டக்கூடாது. ஒரு தரத்துக்குப் பத்து நிமிடம் என்று கூப்பர் எடுத்துக்காட்டும் பழைய கணக்கும் தரம் 4க்கு இந்த எல்லையில்தான் வந்து நிற்கிறது. அந்த நாற்பது நிமிடத்துக்குள் எல்லாப் பாடங்களும் அடக்கம், ரியூசனில் கொடுப்பதும் அடக்கம்.

தரம் 5 வேறு உலகம். புலமைப்பரிசில் வருடத்தில் வீட்டுவேலையைக் குறையுங்கள் என்றால் எந்தத் தாயும் கேட்கமாட்டார், அந்தப் பயத்தைக் குறைசொல்லவும் முடியாது. ஆனால் தினமும் ஒரு மாதிரி வினாத்தாள் செய்யும் பிள்ளை தினமும் பரீட்சை எழுதுகிறது. படிக்கிறது என்று சொல்ல முடியாது. புள்ளியைப் போட்டுவிட்டு அடுத்த நாள் அடுத்த தாளை எடுத்தால், திங்கட்கிழமை பிழைத்த கேள்வி வெள்ளிக்கிழமையும் பிழைக்கும். ஒரு தாளை மூன்று நாளுக்குப் பிரியுங்கள். முதல் நாள் பாதி. இரண்டாம் நாள் மிகுதிப் பாதி. மூன்றாம் நாள் பிழைத்தவை மட்டும், விடையைப் பார்க்காமல் மறுபடி. வாரத்துக்கு ஏழு தாளுக்குப் பதில் இரண்டு தாள் செய்யும் பிள்ளை பின்தங்கிவிடாது. பிழைத்த இடத்துக்குத் திரும்பிப் போகிற பிள்ளை அதுதான்.

இடைநிலை: அளவை விட அடுக்கும் முறை

தரம் 6க்கு மேல் கதை மாறுகிறது. இங்கே வீட்டுவேலை உதவுகிறது என்பதற்கு ஆதாரம் இருக்கிறது, ஆனால் கூடக்கூட நல்லது என்பதற்கு இல்லை. ஸ்பெயினின் அஸ்தூரியாஸ் பிராந்தியத்தில் பதினான்கு வயதை ஒட்டிய 7,725 மாணவர்களை வைத்துச் செய்து 2015இல் வெளியான ஆய்வு ஒன்று, எல்லாப் பாடங்களுக்குமாக நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு மணித்தியாலம் போதுமான அளவு என்று கண்டது. எவ்வளவு நேரம் என்பதை விட, யாருடைய உதவியும் இல்லாமல் தானாகச் செய்கிறாரா என்பதே பெறுபேற்றோடு அதிகம் ஒட்டிப்போனது. காலை மணி அடிக்க முன்னர் நண்பனின் கொப்பியைப் பார்த்து எழுதும் பெடியனுக்கும், வட்ஸ்அப் குழுவில் வந்த விடைப் படத்தைப் பார்த்து எழுதும் பிள்ளைக்கும் வீட்டுவேலை கொடுத்தது கணக்கில் சேராது. இருபது கணக்குக் கொடுத்தால் பார்த்தெழுதுவோர் கூடுவார்கள் என்பது வகுப்பில் நிற்கும் எவருக்கும் தெரியும்.

இப்போது தரம் 8இல் ஒரு வாரத்தை எடுத்துப் பார்ப்போம். பாடம் சதவீதம். முதலாவது தெரிவின்படி பாடப்புத்தகப் பயிற்சி முழுவதும், இருபது கணக்கு, எல்லாம் சதவீதம். மாணவி தலைப்பைப் பார்க்கிறாள். முதல் இரண்டு கணக்கைச் செய்து பார்த்து, பெருக்கி நூறால் வகுப்பது என்ற வழியைப் பிடித்துக்கொள்கிறாள். மூன்றாவதிலிருந்து கேள்வியை வாசிக்கவே தேவையில்லை. அதிலுள்ள இரண்டு எண்களை எடுத்தால் போதும். விடைகள் சரி. கொப்பி அழகு. ஆசிரியருக்கும் திருப்தி.

மூன்றாவது தெரிவின்படி எட்டுக் கணக்கு. அதில் மூன்றுதான் இந்த வாரப் பாடம்:

1. 1,200 ரூபாப் புத்தகப் பைக்கு 15% கழிவு. கொடுக்கவேண்டியது எவ்வளவு?
2. 600இல் 45 எத்தனை சதவீதம்?
3. 24 பேரில் 6 பேர் வரவில்லை. வந்தவர்கள் எத்தனை சதவீதம்?
4. 35 பேர் உள்ள வகுப்பில் ஆண், பெண் விகிதம் 3 : 4. பெண்கள் எத்தனை பேர்?
5. ஒரு தோட்டத்தின் ¾ பங்கில் வெங்காயம். அதில் ⅔ பங்கு அறுவடையாகிவிட்டது. அறுவடையானது தோட்டத்தின் எத்தனை பங்கு?
6. (−5) − (−3)
7. 3(x + 2) = 21
8. நீளம் 8 மீற்றர், சுற்றளவு 26 மீற்றர் உள்ள செவ்வகத்தின் அகலம் என்ன?

நான்காவது கணக்கில்தான் வேலை இருக்கிறது. முன்னுக்கு மூன்று சதவீதக் கணக்குச் செய்த கையோடு மாணவி இதிலும் நூறைத் தேடிப் போவாள். அது விகிதம் என்று இனங்கண்டு, 3ஐயும் 4ஐயும் கூட்டி, 35ஐ 7ஆல் வகுத்து, ஒரு பங்கு 5, ஆகவே பெண்கள் 20 என்று வரவேண்டும். எந்த முறை என்று தெரிவு செய்வதையே அந்தக் கணக்குப் பயிற்றுகிறது. சாதாரண தரப் பரீட்சைத் தாளில் எந்தக் கேள்விக்கு மேலும் பாடத் தலைப்பு எழுதியிருக்காது. பயிற்சியில் நன்றாகச் செய்த பிள்ளை பரீட்சையில் தடுமாறுவதற்கு நாங்கள் பயம், நித்திரைக் குறைவு என்று காரணம் தேடுகிறோம். பல நேரங்களில் காரணம், முறையைத் தெரிவு செய்து பார்க்க அந்தப் பிள்ளைக்கு ஒருநாளும் சந்தர்ப்பம் கொடுக்காததுதான்.

இதைச் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். டக் ரோரரும் அவரது குழுவினரும் அமெரிக்காவின் புளோரிடாவில் தரம் 7இன் 54 வகுப்புகளை எடுத்து, சில மாதங்கள் பாதி வகுப்புகளுக்கு ஒரே வகைக் கணக்குகளை ஒன்றாகவும், மற்றப் பாதிக்கு அதே கணக்குகளைப் பல தாள்களில் கலந்தும் கொடுத்தார்கள். பிறகு ஒரு மாதம் கழித்துப் பரீட்சை வைத்தார்கள். 2020இல் வெளியான முடிவின்படி கலந்து செய்தவர்களின் சராசரி 61%, ஒன்றாகச் செய்தவர்களின் சராசரி 38%. கணக்குகளின் எண்ணிக்கையைக் கூட்டாமல், அடுக்கிய ஒழுங்கை மட்டும் மாற்றிக் கிடைத்த வித்தியாசம் இது.

இதற்கு ஒரு விலை உண்டு, பெற்றோருக்கு அதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். கலந்து செய்யும் பிள்ளைக்கு ஆரம்பத்தில் பிழை கூடும், ஒரு கணக்குக்கு எடுக்கும் நேரமும் கூடும். கொப்பியில் சிவப்பைக் கண்ட தாய் வாசலுக்கு வருவார். "ரீச்சர், பிள்ளை இப்ப நிறையப் பிழை விடுது. முந்தி எல்லாம் சரியாத்தானே வந்தது?" முந்தி வந்த சரி அடுத்த தவணைக்குத் தங்கியதா என்று மூன்று மாதத்துக்கு முந்திய கணக்கு ஒன்றைக் கொடுத்து அவருக்கே காட்டலாம். வாதாடுவதை விட அது சுகம்.

இன்னொரு எல்லையும் இருக்கிறது. புதிய பாடம் தொடங்கும் நாளில் கலக்கக்கூடாது. சதவீதம் என்றால் என்னவென்று இன்னும் பிடிபடாத பிள்ளைக்கு எட்டு வகையைக் கொடுத்தால் எட்டிலும் தொலைந்துபோகும். முதல் நாள், வகுப்பில் செய்து காட்டிய ஒரு கணக்கைப் படிமுறையோடு கொப்பியில் எழுதவைத்து, அதே வகையில் நான்கு கொடுக்கலாம். வகுப்பில் பாதிப் பேருக்கு விளங்கவில்லை என்று தெரிந்தால் அன்று அந்தப் பாடத்தில் வீட்டுவேலையே கொடுக்கக்கூடாது. விளங்காததை வீட்டுக்கு அனுப்பினால் அதைப் படிப்பிக்கும் வேலை தகப்பனுக்கோ ரியூசன் சேருக்கோ போகும். அவர்கள் வேறு முறையில் சொல்லிக்கொடுப்பார்கள். இரண்டு முறையும் அரைகுறையாகப் பிள்ளை திரும்பி வரும்.

திருத்த முடியாததைக் கொடுக்காதீர்கள்

முழுப் பயிற்சிக்கும் எட்டுக் கணக்குக்கும் உள்ள பெரிய வித்தியாசம் ஆசிரியரின் மேசையில் தெரியும். நாற்பது பேர் உள்ள வகுப்பில் இருபது கணக்கு என்றால் எண்ணூறு விடைகள். ஒரு விடைக்கு ஐந்து விநாடி என்று வைத்தாலே ஒரு மணித்தியாலத்துக்கு மேல் வேண்டும், அதுவும் ஒரு வகுப்புக்கு. நான்கு வகுப்பு எடுக்கும் கணித ஆசிரியரால் அது முடியாது. ஆகவே பக்கத்தின் அடியில் ஒரு சரி அடையாளமும் கையொப்பமும் திகதியும் விழுகின்றன. பார்க்கமாட்டார்கள் என்று பிள்ளைக்குத் தெரிந்த அன்று பார்த்தெழுதல் தொடங்குகிறது.

எட்டுக் கணக்கு, கிழமைக்கு மூன்று நாள் என்றால் வழி இருக்கிறது. நாற்பது நிமிடப் பாடவேளையின் முதல் எட்டு நிமிடத்தில் விடைகளைப் பலகையில் எழுதுங்கள். பிள்ளைகள் பென்சிலால் தாங்களே அடையாளமிடட்டும். பிறகு முதலாவது பிழைத்தோர், இரண்டாவது பிழைத்தோர் என்று கையை உயர்த்தச் சொல்லுங்கள். அதிகம் கைகள் எழுந்த இரண்டு கணக்கை மட்டும் பலகையில் செய்து காட்டுங்கள். முடியும்போது ஒரு வரிசைப் பிள்ளைகளின் கொப்பிகளை மட்டும் வாங்கிக்கொண்டு போய், விடையை விட்டுவிட்டு வழியைப் பாருங்கள். (−5) − (−3)க்கு −8 என்று எழுதியவர் அடுத்தடுத்து வரும் இரண்டு குறிகளை ஒன்றாக எடுக்கிறார். 8 என்று எழுதியவர் இரண்டு கழித்தல் கண்டால் எல்லாம் கூட்டல் என்று எங்கோ பாடமாக்கியிருக்கிறார். இரண்டு பேருக்கும் சொல்லவேண்டிய திருத்தம் வேறு வேறு. வெறும் சிவப்புக் குறுக்குக் கோடு இருவருக்கும் ஒன்றையே சொல்லும்.

வீட்டுவேலைக்குப் புள்ளி போடுவதை நான் விரும்புவதில்லை. புள்ளி போட்டால் பிழையை மறைப்பது பிள்ளைக்கு இலாபமாகிவிடும். எங்களுக்கு வேண்டியது அந்தப் பிழைதான்.

ஒன்றுமே வேண்டாம் என்பவர்களுக்கு

இந்த நிலைப்பாட்டில் நியாயம் நிறைய இருக்கிறது. பாடசாலை ஏழரைக்குத் தொடங்கி ஒன்றரைக்கு முடிகிறது. மூன்று மணிக்கு ரியூசன், ஆறு மணிக்குச் சைக்கிளில் வீடு. அதற்குப் பிறகு ஐந்து பாட ஆசிரியர்கள் ஒருவருக்கொருவர் தெரியாமல் அரை மணித்தியாலம் அரை மணித்தியாலமாகக் கொடுத்தது இரண்டரை மணித்தியாலம். ரியூசன் வேலை வேறு. வேலணையிலிருந்து பஸ்ஸில் நகரத்துக்கு வந்துபோகும் பிள்ளைக்கு இன்னும் குறைந்த நேரம். நல்லூர்த் திருவிழாக் காலத்தில் வீட்டில் யாரிடம் கொப்பியைத் திறக்கச் சொல்வது? நித்திரையை வெட்டித்தான் அந்த வேலை நடக்கும். நித்திரை குறைந்த பிள்ளைக்கு அடுத்த நாள் பாடமும் போய்விடும்.

ஆனால் பாடசாலை விலகிக்கொண்டால் அந்த இடம் வெறுமையாக இருக்காது. வசதியுள்ள வீட்டுப் பிள்ளையின் மாலையை ரியூசன் நிரப்பிவிடும். குருநகரில் தகப்பன் கடலுக்குப் போய், தாய் மீன் விற்று வீட்டை நடத்தும் பிள்ளைக்கு ரியூசன் இல்லை; பாடசாலை கொடுக்கும் பயிற்சிதான் அந்தப் பிள்ளைக்கு உள்ள ஒரே பயிற்சி. அதை எடுத்துவிட்டால் நாங்கள் சுமையைக் குறைத்தது ஏற்கெனவே இரண்டு இடத்தில் படிக்கும் பிள்ளைக்கு. வாய்ப்பைக் குறைத்தது மற்றப் பிள்ளைக்கு. இந்த ஒரு காரணத்துக்காகவே இடைநிலையில் வீட்டுவேலையை முற்றாக நிறுத்துவதை நான் எதிர்ப்பேன்.

அதேவேளை அந்தக் குருநகர்ப் பிள்ளையை நினைத்துத்தான் வீட்டுவேலையை வடிவமைக்கவும் வேண்டும். அச்சடித்த தாள், நிறப் பென்சில், இணையத்தில் தேடல், அப்பாவிடம் கேட்டு எழுதுதல் என்று எது வந்தாலும் அந்தப் பிள்ளை செய்ய முடியாது. பாடப்புத்தகமும் கொப்பியும் மட்டும் வைத்து, தனியாக இருபத்தைந்து நிமிடத்தில் முடிக்கக்கூடியதா என்று கேட்டுப் பாருங்கள். வீட்டில் இடமே இல்லாத பிள்ளைகளுக்குப் பாடசாலை முடிந்து அரை மணித்தியாலம் ஒரு வகுப்பறையைத் திறந்து வைக்கலாம். ஒரு ஆசிரியர் மாறிமாறி நின்றால் போதும், படிப்பிக்கத் தேவையில்லை.

கூட்டத்தில் வைக்கக்கூடிய முடிவு

தரம் 1, 2க்கு உரத்த வாசிப்பு மட்டும். தரம் 3, 4க்கு வாசிப்பும் வாய்ப்பாடும் ஐந்து கணக்கும். தரம் 5க்கு வாரம் இரண்டு தாள், பிழைத்தவற்றுக்கு ஒரு தனி நாள். தரம் 6 முதல் 9 வரை கணிதம் கிழமையில் மூன்று நாள், எட்டுக் கணக்கு, மூன்று புதியது, ஐந்து பழையது. எந்த நாளில் எந்தப் பாடம் என்று வகுப்பறைச் சுவரில் ஒரு அட்டவணை, எல்லா ஆசிரியர்களும் பார்க்கும்படி. ஒரு நாளில் இரண்டு பாடத்துக்கு மேல் இல்லை. தரம் 10, 11க்குக் கடந்தகால வினாத்தாள்களே இயல்பாகக் கலந்த பயிற்சியாகிவிடும், ஆனால் அதற்கும் பிழைத்தவற்றைத் திரும்பச் செய்யும் நாள் வேண்டும்.

உடனே முழுப் பாடசாலையையும் மாற்றத் தேவையில்லை. ஒரே ஆசிரியர் எடுக்கும் இரண்டு தரம் 8 வகுப்புகளில் ஒன்றுக்கு முழுப் பயிற்சியும் மற்றதற்குக் கலந்த எட்டும் அரைத் தவணைக்குக் கொடுத்துப் பாருங்கள். பரீட்சையை அந்தப் பாடம் முடிந்த வாரத்தில் வைக்காதீர்கள். அப்போது முழுப் பயிற்சி செய்தவர்கள்தான் முன்னுக்கு நிற்கக்கூடும், அதைப் பார்த்து முடிவெடுத்தால் முடிவு பிழைத்துவிடும். மூன்று கிழமை விட்டு, முன்னறிவித்தல் இல்லாமல், தலைப்பில்லாத பத்துக் கணக்கு வையுங்கள். இரண்டு வகுப்புகள் மட்டுமென்பதால் சிறிய வித்தியாசத்தை நம்பமுடியாது. பெரிய வித்தியாசம் வந்தால் தொடருங்கள். வித்தியாசமே இல்லையென்றால், முறையைக் கைவிட முன்னர், அந்த முதல் எட்டு நிமிடத் திருத்தம் ஒவ்வொரு நாளும் உண்மையில் நடந்ததா என்று பாருங்கள்.